ஒரே விளம்பரம், மூன்று வேலை: ஆள் ஏன் கிடைக்கவில்லை?

வாசகர் கேள்வி

“ஏசி, குளிர்பதனப் பெட்டிகள் சர்வீஸ் செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். 14 பேர் இருக்கிறோம். மூன்று இடம் காலி. குடோனுக்கு ஒரு உதவியாளர், காலை 7 மணிக்கு வர வேண்டும். அனுபவமுள்ள ஏசி மெக்கானிக் ஒருவர். வாரத்தில் 3 நாள் வந்து கணக்குப் பார்க்க ஒருவர். மூன்றையும் ஒரு பெரிய வேலைவாய்ப்புத் தளத்தில் பணம் கட்டி ஒரு மாதம் போட்டேன். 212 விண்ணப்பம் வந்தது. குடோனுக்கு மட்டும் 148. அதில் 60 பேருக்கு போன் செய்து, 4 பேர் நேரில் வந்து, ஒருவர் சேர்ந்து, வீடு தூரம் என்று 9ஆம் நாள் நின்றுவிட்டார். மெக்கானிக் வேலைக்கு 23 பேர். பெரும்பாலும் இப்போதுதான் படித்து முடித்தவர்கள். அனுபவமுள்ள ஒருவர் சரி என்றார், நாங்கள் கொடுத்த கடிதத்தைக் காட்டிப் பழைய இடத்திலேயே சம்பளம் கூட்டி வாங்கிக்கொண்டார். கணக்கு வேலைக்கு 41 பேர். அலுத்துப்போய் அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இன்னும் பெரிய விளம்பரத் திட்டத்துக்குப் பணம் கட்டலாமா? ‘இதெல்லாம் வேண்டாம், நம்ம பசங்களையே ஆள் கொண்டுவரச் சொல்லுங்கள், தலைவலி இல்லை’ என்கிறார் மேற்பார்வையாளர். ஏஜென்ட் ஒருவர், எங்களிடம் எதுவும் வாங்காமல், வருகிறவர்களிடமே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். எதைச் செய்வது?”

ஆலோசகர் பதில்

பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள். இப்போதைக்கு அந்தத் தளத்தை விட்டு வெளியேறவும் வேண்டாம். அங்கே போட்டதில் தவறில்லை. மூன்று வேலையையும் அங்கே போட்டதுதான் தவறு. உங்கள் கணக்கைப் பார்த்தால், அந்தத் தளம் மூன்றில் ஒரு வேலைக்குப் பொருத்தமான இடம். அந்த ஒன்றைத்தான் நீங்கள் அலுத்துப்போய்ப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

212 என்ற எண் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றியிருக்கிறது. இன்றைய தளங்களில் ஒருவர் தன் விவரத்தை ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும், பிறகு விரலால் ஒரு தட்டு தட்டினால் விண்ணப்பம் போய்விடும். அப்படித் தட்டுகிறவர் உங்கள் குடோன் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று படித்திருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆனால் படிக்க வேண்டிய வேலை உங்களுக்கு மிஞ்சும். ஒரு விண்ணப்பத்துக்கு 2 நிமிடம் என்று வைத்தாலே 148 பேருக்கு ஏறக்குறைய 5 மணி நேரம். அதற்கு மேல் 60 போன். அந்த அலுப்பில்தான் கணக்கு வேலைக்கு வந்த 41 பேரும் அடிபட்டுப் போனார்கள்.

எந்த இடத்தில் போடுவது என்று பார்ப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிய வேண்டும். உங்களுக்குத் தேவையான ஆள் இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறாரா, அல்லது வேறு இடத்தில் வேலையில் இருக்கிறாரா? தேடுகிறார் என்றால் எதைப் பார்த்துத் தேடுகிறார்? இந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு தூரம் வரத் தயாராக இருப்பார்? உங்கள் மூன்று வேலைக்கும் இந்த மூன்று கேள்விக்கும் மூன்று விதமான பதில்.

குடோன் உதவியாளர்: தூரம்தான் தகுதி

சேர்ந்தவர் 9ஆம் நாள் நின்றது அவருடைய குணக்கோளாறு என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. காலை 7 மணிக்கு வர வேண்டிய வேலைக்கு தூரத்திலிருந்து வருகிறவர் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். முதல் வாரம் புதுவேலை என்ற உற்சாகம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது வாரம் உடம்பு கேட்காது. தனித்திறமை எதுவும் கேட்காத, காலையிலேயே தொடங்குகிற, கீழ்மட்டச் சம்பள வேலைக்கு முதல் தகுதி அனுபவம் இல்லை, வீடு பக்கத்தில் இருப்பது. தளத்தில் போட்ட விளம்பரமோ ஊர் முழுக்கப் போய்விடும்.

இதற்கு நோட்டீஸ்தான் சரி. உங்கள் குடோன் கேட்டில் ஒன்று. அங்கிருந்து அரை மணி நேர நடை தூரத்துக்குள், அல்லது ஒரே பஸ்ஸில் வந்து சேரக்கூடிய இடங்களில், மக்கள் நின்று படிக்கிற சுவர்களில் ஆறு ஏழு. கடைகள், நூலகம், சமூகக் கூடம், குடியிருப்பு வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகை போன்ற இடங்கள். சுவருக்கு உரியவரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். கேட்காமல் ஒட்டியதை மறுநாள் கிழித்துவிடுவார்கள் என்பது ஒன்று. ‘குடோனில் இருப்பவரிடம் கேளுங்கள், விவரம் தெரியும்’ என்று கடைக்காரரே நாலு பேரிடம் சொல்வார் என்பது இன்னொன்று, அதுதான் பெரிய லாபம்.

ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிறுவனத்துக்காக இரவுக் காவல் வேலைக்கு ஆள் தேடினேன். தளத்தில் போட்டதும் பட்டதாரிகளும் பொறியாளர்களும் கும்பலாக விண்ணப்பித்தார்கள். இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் நிலைத்து நின்றவர், கேட்டில் ஒட்டியிருந்த தாளைத் தினமும் நடைப்பயிற்சியில் படித்துக்கொண்டு போனவர். அவரிடம் ரெஸ்யூமே என்று எதுவும் இல்லை. அதைக் கேட்டிருந்தால் அவர் வந்தே இருக்க மாட்டார்.

தாளில் என்ன எழுதுவது? ‘ஆட்கள் தேவை, தகுந்த சம்பளம்’ என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். வேலை என்ன (பெட்டிகளை ஏற்றி இறக்குவது, எண்ணி அடுக்குவது), எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, வார விடுமுறை எந்த நாள், சம்பளம் எவ்வளவு, எவ்வளவு எடை தூக்க வேண்டியிருக்கும், இவ்வளவும் இருக்கட்டும். மூன்றடி தள்ளி நின்று படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. கடைசி வரியாக, ‘இந்த வாரம் செவ்வாய், வியாழன் மாலை 4 முதல் 6 வரை நேரில் வரலாம், விண்ணப்பம் தேவையில்லை’. நேரில் வரச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. வழி தெரிந்து, வண்டி பிடித்து வந்து சேர்ந்தவர் தூரத்தைத் தானே அளந்து பார்த்துவிட்டார். நீங்கள் 60 போன் போட்டுக் கேட்க நினைத்ததை அவர் காலால் சொல்லிவிடுகிறார்.

தாளின் அடியில் போன் எண்ணைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கத்தரித்து விடுங்கள், கிழித்துக்கொண்டு போகிற மாதிரி. எந்த நோட்டீஸ் வேலை செய்கிறது என்பதை அந்தத் துண்டுகளே சொல்லும். ஒரு வாரத்தில் துண்டு எதுவும் கிழியவில்லை என்றால் அந்த இடமோ எழுத்தோ சரியில்லை, இடத்தை மாற்றுங்கள். துண்டு கிழிந்திருக்கிறது, போன் வரவில்லை என்றால் வீட்டில் போய் யோசித்துப் பார்த்ததில் சம்பளமோ நேரமோ ஒத்துவரவில்லை. போனும் வந்து, நீங்கள் எடுக்கவில்லை என்றால் பழி நோட்டீஸ் மேல் இல்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். திருப்பி அழைக்காத எண்ணுக்கு இரண்டாவது தடவை முயற்சி செய்ய மாட்டார்கள்.

உங்கள் நாட்டில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் இருந்தால் அங்கேயும் பதிந்து வையுங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1948ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று, இந்தச் சேவையை அரசு இலவசமாக நடத்த வேண்டும் என்கிறது. பல நாடுகளில் இருக்கிறது. சிறு நிறுவனக்காரர்கள் அதை மறந்தே போகிறார்கள்.

மெக்கானிக்: அவர் தேடவே இல்லை

நல்ல ஏசி மெக்கானிக் இன்றைக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பாரா? வெயில் காலம் நெருங்கும்போது அப்படி ஒருவர் கிடைத்தால் அதிசயம். வேலையில் இருக்கிறவர் மாலையில் வீட்டுக்குப் போய் வேலைவாய்ப்புத் தளத்தைத் திறப்பதில்லை. திறக்கிறவர்கள் படித்து முடித்துவிட்டு அனுபவம் தேடுகிறவர்கள். அதனால்தான் உங்கள் 23 பேரில் பெரும்பாலானவர்கள் அவர்களாக இருந்தார்கள். விளம்பரத்தைப் பெரிதாக்கினால் 23 என்பது 60 ஆகலாம். வருகிறவர்கள் மட்டும் மாற மாட்டார்கள். இந்த ஆளுக்கான செய்தி அவர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அவர் எங்கே இருக்கிறார்? உதிரிபாகக் கடை கவுண்டரில் கம்ப்ரசருக்கும் கெப்பாசிட்டருக்கும் காத்து நிற்கிறார். தொழில்நுட்பச் சந்தேகம் கேட்டு, எரர் கோடு படம் போட்டு, ஒருவருக்கொருவர் உதவுகிற வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். குளிர்பதன வாயுவைக் கையாளச் சான்றிதழ் கட்டாயமான நாடுகளில், அதைப் புதுப்பிக்கிற பயிற்சி மையத்துக்கு வந்து போகிறார். இந்த மூன்று இடத்திலும் உங்கள் ஆட்களுக்குத் தெரிந்த முகம் இருக்கும். ஆகவே உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது இந்த ஒரு வேலைக்கு முக்கால்வாசி சரி.

‘நம்ம பசங்க’ என்று அவர் சொல்வது மிக நெருங்கியவர்களை. இதில்தான் நான் வேறுபடுகிறேன். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், வேலை மாறியவர்களிடம் அந்த வேலை எப்படித் தெரிந்தது என்று விசாரித்து 1973இல் எழுதினார். அறிமுகம் மூலம் வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி சந்திக்கிற ஒருவர் மூலம் கிடைத்தது 100க்கு 17 பேருக்குத்தான். 28 பேருக்கு, ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிற ஒருவர் மூலம் கிடைத்திருந்தது. மீதிப் பேருக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட பழக்கம். அவர் விசாரித்தது தொழில்நுட்ப, நிர்வாக வேலைகளில் இருந்தவர்களை, அதனால் எல்லா வேலைக்கும் இதே விகிதம் என்று எடுக்கக்கூடாது. காரணம் மட்டும் எளிது. தினமும் கூடவே இருக்கிற நண்பனுக்குத் தெரிந்த ஆட்கள் நமக்கும் தெரிந்தவர்கள்தான். எப்போதோ ஒருமுறை பார்க்கிறவர்தான் நமக்குத் தெரியாத கூட்டத்தோடு பழகுகிறார்.

ஆகவே உங்கள் மெக்கானிக்குகளிடம் ‘உன் நண்பன் யாராவது இருக்கிறானா’ என்று கேட்காதீர்கள். ‘முன்பு வேலை பார்த்த இடத்தில் உன்னோடு இருந்தவர்களில் கைச்சுத்தமான வேலைக்காரர் யார்? பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?’ என்று கேளுங்கள். கேள்வி மாறினால் வேறு பெயர்கள் வரும்.

வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் அட்மினிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல தொழில் குழுக்களில் விளம்பரத்துக்குத் தடை உண்டு, ஆனால் உறுப்பினர் ஒருவர் கேட்டுப் போட்டால் விடுவார்கள். வண்ணப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள். படத்தில் இருக்கும் போன் எண்ணை எல்லா போனிலும் தொட்டு அழைக்க முடியாது, பிறகு தேடினாலும் எளிதில் அகப்படாது. நீங்கள் போட வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“ஏசி மெக்கானிக் ஒருவர் தேவை. ஸ்பிளிட், டக்ட் இரண்டிலும் 4 ஆண்டு கள அனுபவம். லீக் கண்டுபிடித்தல், பிரேசிங், வேக்கும் போட்டு காஸ் சார்ஜ் செய்தல் தனியாகச் செய்யத் தெரிய வேண்டும். சம்பளம் இத்தனையிலிருந்து இத்தனை வரை. வண்டியும் டூல்ஸும் நிறுவனத்துடையது. கூடுதல் நேரத்துக்குத் தனிக் கூலி. பேச: இரவு 8 முதல் 9.30 வரை. யார் பேசினார்கள் என்பதை வெளியே சொல்ல மாட்டோம். கடைசி நாள்: இந்தத் தேதி.”

இதில் மூன்று வரியை விட்டுவிடாதீர்கள். பகலில் அவர் வேறொருவர் சைட்டில், முதலாளி பக்கத்தில் இருப்பார், அங்கே நின்று உங்களோடு சம்பளம் பேச முடியாது. அதற்குத்தான் இரவு நேரம். வெளியே தெரிந்தால் இருக்கிற வேலைக்கு ஆபத்து என்ற பயம் அவருக்கு உண்டு. அதற்குத்தான் ரகசியம் காப்போம் என்ற வரி. கடைசி நாள் எதற்கு என்றால், குழுவில் போட்ட செய்தி கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போகும். தேதி இல்லாத செய்தி அடுத்த ஆண்டும் யாருக்காவது போய்ச் சேர்ந்து, உங்களுக்கு போன் வந்துகொண்டே இருக்கும். பொதுக்குழுவில் யாரும் சான்றிதழ் நகலோ அடையாள அட்டைப் படமோ போட வேண்டாம் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நல்ல நோக்கத்தில் போடுவார்கள், பிறகு அது யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தைக் காட்டி சம்பளம் கூட்டிக்கொண்டவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது விளம்பரம் போட்ட இடத்தின் குற்றம் இல்லை. வேலையில் இருப்பவரைத் தேடிப் போகிற எல்லோருக்கும் நடப்பது. அடுத்த முறை கடிதம் தருவதற்கு முன்னால், ‘இப்போது இருக்கும் இடத்தில் இதே சம்பளம் தந்தால் அங்கேயே இருப்பீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். சம்பளம் ஒன்றுதான் காரணம் என்கிறவர் திரும்பிப் போக வாய்ப்பு அதிகம். இரவு அழைப்பு தாங்கவில்லை, ஒழுங்காக விடுமுறை இல்லை, புது மெஷின் கற்க வழியில்லை என்று வேறு காரணம் சொல்கிறவரைத் தொடர்ந்து பேசுங்கள்.

எல்லோரையும் ‘நம்ம ஆள்’ மூலமே எடுக்கலாமா?

மெக்கானிக்குக்குச் சரி என்ற இந்த வழியை மூன்று வேலைக்கும் நீட்டினால் இரண்டு சிக்கல் வரும்.

முதலாவது நடைமுறைச் சிக்கல். ஒரே குடும்பம், ஒரே தெரு என்று ஆட்கள் சேர்ந்துவிட்டால் ஒரு விசேஷத்துக்கு அத்தனை பேரும் ஒரே நாளில் விடுப்பு கேட்பார்கள். ஒருவரைக் கண்டித்தால் மூன்று பேர் முகம் திருப்புவார்கள், ஒருவர் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள். 14 பேர் நிறுவனத்தில் நான்கு பேர் ஒரே நாளில் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

இரண்டாவது சட்டச் சிக்கல். ‘யாரையும் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லையே, தெரிந்தவர்களைத்தானே எடுத்தேன்’ என்று தோன்றும். வேலையில் பாகுபாடு பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டு ஒப்பந்தம் (111ஆம் எண்), இனம், நிறம், பால், மதம், அரசியல் கருத்து, பிறந்த நாடு, சமூகப் பின்னணி இவற்றைக் காட்டி வேலை வாய்ப்பில் சமத்துவத்தைக் கெடுப்பதைப் பாகுபாடு என்கிறது. அதில் ‘கெடுக்கும் விளைவு’ என்பதும் வருகிறது, நோக்கம் மட்டும் இல்லை. ஒரே சமூகத்து ஆண்கள் 14 பேர் வாய்வழியாகவே ஆள் எடுத்துக்கொண்டு போனால், விளைவு என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் நாட்டுச் சட்டம் எவ்வளவு தூரம் போகிறது என்பதை உள்ளூர் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். பாதுகாப்பான பழக்கம் ஒன்றுதான்: அறிமுகம் மூலம் தேடுகிற எந்த வேலையையும், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஒரு இடத்திலும் சேர்த்துப் போடுங்கள். எந்த வழியில் வந்தாலும் ஒரே கேள்வி, ஒரே செய்முறைச் சோதனை.

ஆள் கொண்டுவந்தவருக்கு ஊக்கத்தொகை தரலாம். சேர்ந்த அன்றே முழுவதும் தர வேண்டாம். 30ஆம் நாள் பாதி, 90ஆம் நாள் பாதி என்று வைத்தால், யாரைக் கூட்டிவருகிறோம் என்று அவரே ஒரு முறை யோசிப்பார்.

அந்த ஏஜென்ட்

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் பற்றிய அதே அமைப்பின் 1997ஆம் ஆண்டு ஒப்பந்தம் (181ஆம் எண்), தொழிலாளரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. சில வகைகளுக்கு விலக்குத் தர இடம் உண்டு, எல்லா நாடுகளும் இந்த ஒப்பந்தத்தை ஏற்கவும் இல்லை. ஆனாலும் உங்கள் பெயரைச் சொல்லி யாரோ ஒருவர் பணம் வாங்கினார் என்றால், கேள்வி உங்களைத் தேடித்தான் வரும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் கணக்கு உதைக்கிறது. வருகிறவரிடம் காசு வாங்குகிற ஏஜென்டுக்கு, நீங்கள் எடுத்த ஆள் மூன்று மாதத்தில் போய்விட்டால் நஷ்டம் இல்லை, அடுத்தவரிடம் மறுபடியும் வாங்கலாம். ஆள் நிலைத்து நிற்பதில் அவருக்கு எந்த அக்கறையும் இருக்க முடியாது. உங்கள் எல்லா நோட்டீஸிலும், செய்தியிலும் ‘வேலைக்காக யாருக்கும் பணம் தர வேண்டாம்’ என்ற வரியைச் சேருங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரில் போலி விளம்பரம் போட்டு ஏமாற்றுகிறவர்களுக்கும் அது ஒரு சின்னத் தடை.

கணக்குப் பார்ப்பவர்: தளம் இருக்கட்டும்

இப்போது அந்த 41 பேர். பகுதி நேரக் கணக்கு வேலை தேடுகிறவர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர், ரெஸ்யூமே தயாராக வைத்திருப்பவர், ‘பகுதி நேரம்’ என்று வடிகட்டித் தேடுகிறவர். வாரம் 3 நாள் என்பதால் கொஞ்சம் தூரத்திலிருந்தும் வருவார். மூன்று கேள்விக்கும் தளம்தான் பதில். குழந்தை வளர்ப்புக்காக முழுநேர வேலையை விட்டவர்கள், ஓய்வுபெற்றவர்கள், இன்னொரு நிறுவனத்துக்கும் கணக்கு எழுதுகிறவர்கள் இதற்கு விண்ணப்பிப்பார்கள்.

41 ரெஸ்யூமேயையும் வரி வரியாகப் படிக்க வேண்டாம். எல்லோருக்கும் மூன்று கேள்வியை ஒரே செய்தியாக அனுப்புங்கள். எந்த மூன்று நாள் வர முடியும்? எந்தக் கணக்கு மென்பொருளில் தனியாக மாதக் கணக்கை முடித்திருக்கிறீர்கள்? கடைசியாக ஸ்டாக்கும் புத்தகமும் ஒத்துப்போகாதபோது என்ன செய்தீர்கள்? மாதம் ஓடிவிட்டதால் சிலர் வேறு வேலையில் சேர்ந்திருப்பார்கள், சிலர் பதில் போட மாட்டார்கள். மூன்றாவது கேள்விக்குத் தன் அனுபவத்திலிருந்து எழுதுகிறவர்களை மட்டும் கூப்பிடுங்கள். ஐந்து ஆறு பேர் தேறினால் போதும்.

யாரும் தேறவில்லை என்றால் அதே தளத்தில் தனி விளம்பரமாக, சாதாரணத் திட்டத்திலேயே மறுபடி போடலாம். தலைப்பில் ‘கணக்காளர், பகுதி நேரம், வாரம் 3 நாள்’ என்று தேடுகிறவர் தட்டச்சு செய்யும் சொற்களே இருக்கட்டும். ‘திறமையான ஆல்ரவுண்டர்’ என்று யாரும் தேடுவதில்லை. சம்பளக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், சம்பளம் வைத்து வடிகட்டுகிறவர்களின் பார்வையில் உங்கள் விளம்பரம் படாமலே போகலாம். தளங்களில் புதியது மேலே, பழையது கீழே என்பதால் முதல் வாரத்திலேயே பெரும்பாலான நல்ல விண்ணப்பங்கள் வந்துவிடும். அந்த வாரத்தில் தினமும் பார்க்க நேரம் இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

உங்களுக்கு இணையதளம் இருந்தால் அதிலும் இந்த வேலைக்கு ஒரு தனிப் பக்கம் வையுங்கள். அதைச் செய்துகொடுத்தவரிடம், அந்தப் பக்கத்தில் JobPosting என்ற விவரக்குறியைச் சேர்த்து, முடியும் தேதியை validThrough என்ற இடத்தில் போடச் சொல்லுங்கள். கூகுளின் வேலைத் தேடல் வசதி இருக்கும் நாடுகளில், இந்தக் குறி இருக்கும் பக்கங்கள் அங்கே தனியாகக் காட்டப்பட வாய்ப்புண்டு. கட்டணம் இல்லை. குடோன் வேலைக்கும் மெக்கானிக் வேலைக்கும் ‘யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடம்’ என்று முன்பு சொன்னேனே, அதற்கும் இதே போல ஆளுக்கொரு பக்கம் வைத்தால் போதும்.

எண்ணிக்கையை எப்படி வைப்பது

ஒரு சின்ன நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: எங்கிருந்து தெரிந்தது, நேரில் வந்தாரா, தேர்வானாரா, சேர்ந்தாரா, 90ஆம் நாள் இருக்கிறாரா. வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியே ‘எங்கே பார்த்தீர்கள்?’ என்பதாக இருக்கட்டும். பலர் ‘யாரோ சொன்னார்கள்’ என்பார்கள். அதனால் ஒவ்வொரு நோட்டீஸிலும் போனில் சொல்ல வேண்டிய பெயரை மட்டும் மாற்றி எழுதுங்கள். ஒரு தாளில் ‘குடோன் 1 என்று சொல்லவும்’, இன்னொன்றில் ‘குடோன் 2 என்று சொல்லவும்’. போனில் அவர் சொல்கிற எண்ணே எந்தச் சுவர் என்று காட்டிவிடும். விண்ணப்ப எண்ணிக்கைக்கு இந்த நோட்டில் பத்தி கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். தளத்திலிருந்து 148 பேர் வந்து 90ஆம் நாள் பூஜ்யம், கேட்டில் ஒட்டிய நோட்டீஸிலிருந்து 6 பேர் வந்து 90ஆம் நாள் ஒருவர் என்றால், அடுத்த முறை எங்கே போடுவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

செய்ய வேண்டிய வரிசை இது. இன்று அந்த 41 பேருக்கும் செய்தி போகட்டும். நாளை நோட்டீஸ் ஒட்டுங்கள், உங்கள் ஆட்களிடம் பெயர் கேளுங்கள். இடத்தை மாற்றியும் இரண்டு வாரம் நோட்டீஸில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பக்கத்தில் இதே வேலைக்கு என்ன சம்பளம் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். சம்பளம் குறைவாக இருந்தால் எந்தச் சுவரும் உதவாது. மெக்கானிக்குக்குப் பொறுமை வேண்டும், வேலையில் இருப்பவர் முன்னறிவிப்புக் காலம் முடித்துத்தான் வர முடியும், அதனால் வெயில் காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள்.

விளம்பரத்தை எடுப்பது எப்போது? ஒருவர் சரி என்று சொன்ன அன்று எடுக்காதீர்கள், வேலையில் சேர்ந்த அன்று எடுங்கள். அதுவரை இரண்டாவது இடத்தில் இருப்பவரிடம் ‘முடிவு இன்னும் ஆகவில்லை, இந்தத் தேதிக்குள் சொல்கிறேன்’ என்று உண்மையைச் சொல்லி வைத்திருங்கள். சேர்ந்ததும் எல்லாச் சுவர்களிலும் தாளை எடுத்துவிட்டு, குழுவில் ‘ஆள் எடுத்தாயிற்று, நன்றி’ என்று ஒரு வரி போடுங்கள். கடைக்காரரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள், அடுத்த முறையும் அவர் சுவர் தேவைப்படும்.